பிரவுனி: தொதல் பக்கமா, கேக் பக்கமா?

போன மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வளவுப் பிள்ளை படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கோப்பை, அதற்குள் நாலு துண்டு பிரவுனி. முகம் சரியில்லை.

"அக்கா, இதை ஒருக்கா தின்டு பாருங்கோ. ஏன் இப்பிடி வந்தது?"

ஒரு துண்டை இரண்டாகப் பிய்த்தேன். பிய்ந்த இடம் உதிர்ந்தது. வாயில் போட்டால் முதலில் கொக்கோவின் கசப்பு, பிறகு மா, அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் தேவைப்பட்டது. நேற்றைய பாணில் கொக்கோ பூசிச் சாப்பிட்டது போல.

"என்ன மாத்தினனி?"

"ஒண்டும் மாத்தேல்லை அக்கா. நீங்கள் தந்த அளவுதான்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "சீனி மட்டும் பாதி போட்டனான். அப்பம்மாவுக்குச் சீனி வருத்தமெல்லோ. பிறகு கலவை கொஞ்சம் இளகலாக் கிடந்தது, அதாலை மா கொஞ்சம் கூடப் போட்டனான்."

ஒன்றும் மாற்றவில்லை என்று தொடங்கி இரண்டை மாற்றியிருக்கிறாள். அந்த இரண்டும்தான் பிரவுனியின் குணத்தைத் தீர்மானிக்கிறவை. கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடி ஓடருக்குக் கேக் செய்து கொடுக்கிற எனக்கு இந்தக் கேள்வி மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறது. அதனால் அன்று அவளுக்கு விளங்கப்படுத்தியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்களை முடித்துவிடுவோம். பிரவுனியில் இரண்டு சாதி. ஒன்றை ஃபட்ஜி என்பார்கள். கனமாக, ஈரப்பதமாக, பல்லில் லேசாக ஒட்டிக்கொள்ளும். கத்தியால் வெட்டினால் கத்தியின் பக்கங்களில் பூசிக்கொள்ளும். மற்றது கேக்கி. பொங்கி, சின்னச் சின்னத் துளைகளோடு, விரலால் அமத்தினால் திரும்பி எழும்பும். நம் குசினிக்குத் தெரிந்த பண்டங்களில் சொல்வதென்றால் முதலாவது தொதல் பக்கம், இரண்டாவது பட்டர் கேக் பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட தெரு இருக்கிறது. எந்தப் பிரவுனியும் அந்தத் தெருவில் எங்கேயோ ஓரிடத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது மாவுக்கு எதிராகக் கொழுப்பும் சீனியும் எவ்வளவு என்கிற கணக்கு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் எடுத்துவிட வேண்டும். ஃபட்ஜி என்றால் அரைவேக்காட்டில் இறக்கின கேக் என்று பலர் நினைக்கிறார்கள். கேக் அளவில் கலந்து, பத்து நிமிடம் முந்தி வெளியே எடுத்தால் ஃபட்ஜி வராது. பச்சை மா மணக்கிற, நடுவில் கூழாகக் கிடக்கிற கேக்தான் வரும். அதேபோல ஃபட்ஜி அளவில் கலந்ததை எவ்வளவு நேரம் ஓவனுக்குள் விட்டாலும் அது கேக் ஆகாது. ஓரம் ரொபி போல இறுகும், நடு காயும், அவ்வளவுதான். ஓவனுக்குள் போக முதலே, கிண்ணத்துக்குள்ளேயே விஷயம் முடிந்துவிடுகிறது.

நான் ஃபட்ஜிக்குப் பாவிக்கிற அளவு இதுதான். எட்டு அங்குலச் சதுர ட்ரே ஒன்றுக்கு பட்டர் 120 கிராம், சீனி 200 கிராம், கொக்கோ 60 கிராம், முட்டை 2, கோதுமை மா 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வனிலா. பேக்கிங் பவுடர் இல்லை. மாவை ஒன்று என்று வைத்தால் பட்டர் இரண்டு, சீனி மூன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே. முதன்முதலில் இந்த அளவைப் பார்க்கிற எவருக்கும் கை நடுங்கும். "இவ்வளவுதானோ மா? ஏதோ எழுத்துப் பிழை" என்று நினைத்து இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போடுவார்கள். பக்கத்து வளவுப் பிள்ளைக்கும் நடந்தது அதுதான்.

சரி, ஏன் இந்த அளவு இப்படி வேலை செய்கிறது? இதற்குத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இந்தக் கலவைக்கு நாங்கள் தண்ணீர் விடவே இல்லையே என்று தோன்றும். ஆனால் முட்டையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். கோது நீக்கிய இரண்டு முட்டையில் ஏறக்குறைய 75 கிராம் வரும். பட்டரிலும் தண்ணீர் இருக்கிறது, நூறுக்குப் பதினாறு அளவில். அதிலிருந்து 20 கிராம் அளவில். ஆகக் கிண்ணத்துக்குள் இருப்பது 95 கிராம் தண்ணீர். அந்த 95 கிராம் தண்ணீருக்கு 200 கிராம் சீனி.

இதை ஒரு சட்டியில் தனியாக வைத்து நினைத்துப் பாருங்கள். அரைத் தம்ளருக்கும் குறைந்த தண்ணீரில் அதைப்போல இரண்டு மடங்கு சீனி. அது சீனித் தண்ணீர் இல்லை, நல்ல பிசுபிசுப்பான பாகு. சாதாரண வெப்பத்தில் தண்ணீர் இதற்கு மேல் சீனியைக் கரைக்காது என்கிற எல்லையில் நிற்கிற பாகு. அதாவது ஃபட்ஜி பிரவுனியின் அடிப்படை ஒரு சீனிப்பாகு. அந்தப் பாகையும் பட்டரையும் கொக்கோவையும் ஒன்றாகப் பிடித்து வைக்க மட்டும் கொஞ்சம் மா. தொதலிலும் இதே கூத்துத்தான். சர்க்கரைப் பாகும் தேங்காய்ப்பாலின் எண்ணெயும் நிறைய, அவற்றைக் கட்டிப் பிடிக்க அரிசிமா. தொதல் கிண்டத் தெரிந்த வீட்டில் ஃபட்ஜி பிரவுனியை விளங்கப்படுத்துவது சுகம்.

இனி மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். மாவுக்குள் இருக்கிற மாப்பொருள் மணிகள் வெந்து, ஊதி, ஒரு சட்டகமாக இறுக வேண்டுமென்றால் அவற்றுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். சும்மா தண்ணீரில் கோதுமை மா 60 பாகையைத் தாண்டும்போதே தடிக்கத் தொடங்கிவிடும். கஞ்சி காய்ச்சுகிறபோது பார்த்திருப்பீர்கள். ஆனால் தண்ணீரெல்லாம் சீனியோடு கட்டுண்டு பாகாகக் கிடந்தால் மாவுக்குச் சுலபமாகக் கிடைக்காது. தடிக்கிற வெப்பநிலை 80 பாகைக்கு மேலே தள்ளிப் போகும். முட்டை இறுகுவதும் பிந்தும். பிரவுனியின் நடுப்பகுதி ஓவனில் 90 பாகை அளவுக்குத்தான் ஏறும். அந்த நேரத்துக்குள் மா முழுதாக ஊதி முடிப்பதில்லை. அதுதான் அந்த ஈரமான, ஒட்டுகிற குணம். சீனியைக் குறைத்தால் இனிப்பு மட்டும் குறைவதில்லை. பூட்டி வைத்திருந்த தண்ணீரை அவிழ்த்து மாவுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

பக்கத்து வளவுப் பிள்ளையின் கிண்ணத்தை இப்போது திறந்து பார்க்கலாம். பட்டர் 120, முட்டை 2, கொக்கோ 60, இவை மாறவில்லை. சீனி 100. மா எவ்வளவு என்று கேட்டேன். அரைப் பேணிக்கு மேலே கொஞ்சம் என்றாள். அந்தப் பேணியைக் கொண்டுவரச் சொல்லி, அவள் அள்ளின மாதிரியே அள்ளி நிறுத்துப் பார்த்தோம். 100 கிராம். ஆக மா ஒன்றுக்குச் சீனி ஒன்று, பட்டர் ஒன்றேகால் கூட இல்லை. தண்ணீர் அதே 95 கிராம், ஆனால் அதில் இப்போது 100 கிராம் சீனிதான். பாகு தண்ணியாகிவிட்டது, குடிக்கிற மாவோ கூடிவிட்டது. இருந்த ஈரத்தையெல்லாம் மா இழுத்துக்கொண்டது. கேக்காகப் பொங்கவும் வழியில்லை, ஏனென்றால் பேக்கிங் பவுடர் இல்லை, காற்று அடித்து ஏற்றவும் இல்லை. தொதலும் இல்லாமல் கேக்கும் இல்லாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டது.

"கலவை இளகலாக் கிடந்தது" என்று அவள் சொன்னதையும் கவனியுங்கள். அது வழக்கமாக வருகிற மயக்கம். பட்டரை உருக்கிச் செய்கிற கலவை சூடாக இருக்கும்போது இளகலாகத்தான் இருக்கும். ஆறினால் தானாகவே தடிக்கும். கண்ணை நம்பி மா போடக்கூடாது, தராசை நம்ப வேண்டும்.

பட்டரின் வேலை வேறு. மாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து, கிளறக் கிளற இழுபடுகிற ஒரு வலையாகும். ரொட்டிக்குக் குழைக்கிற மா இழுபடுவது அதனால்தான். கொழுப்பு மாத்துகள்களைப் பூசிக்கொண்டு அந்த வலை பின்னப்படுவதைத் தடுக்கிறது. பட்டர் கூடக் கூட வலை குறையும், வாயில் வழுக்கிக் கரையும் தன்மை கூடும். ஆனால் இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை அளவு சொல்கிறவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பட்டரை என்ன செய்தீர்கள் என்பதும் கணக்கில் சேரும்.

எங்கள் பக்கம் கேக் என்றால் கை தன்பாட்டில் ஒரு வேலையைச் செய்யும். பட்டரையும் சீனியையும் போட்டு வெள்ளை நிறமாக வரும்வரை அடிப்பது. அம்மாக்கள் அப்படித்தான் பழக்கினார்கள். நத்தாருக்கும் வருசத்துக்கும் அகப்பையால் ஒரு மணித்தியாலம் அடித்துக் கை உளைந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி அடிக்கும்போது சீனித் துகள்கள் பட்டருக்குள் ஆயிரக்கணக்கான காற்றுக் குமிழிகளைக் குத்தி வைக்கின்றன. ஓவனில் அவை விரிந்து கேக்கைத் தூக்கும். அதே பட்டரை உருக்கிவிட்டால் காற்றைப் பிடித்து வைக்க இடமில்லை. ஆகவே ஃபட்ஜி வேண்டுமென்றால் உருக்குங்கள். அளவு சரியாக இருந்தும் பிரவுனி மெத்தென்று வந்துவிட்டது என்று முறையிட்ட ஒரு மச்சாளுக்கு நடந்தது இதுதான். பழக்கதோசத்தில் மெசினால் பதினைந்து நிமிடம் அடித்திருக்கிறா.

கொக்கோவைப் பற்றி ஒரு வரி. அது சுவைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொக்கோத் தூள் மாவைப் போலவே ஈரத்தை இழுக்கும். எனவே அது மா பக்கத்து ஆள். "கொக்கோ முடிஞ்சுபோச்சு, 30 கிராம்தான் கிடந்தது" என்று பாதி போட்டால் கலவை எதிர்பார்த்ததைவிட இளகி, நடு இறுகாமல் போகலாம். குக்கிங் சொக்லேட் கட்டியை உருக்கி ஊற்றுவது இதற்கு நேர் எதிர். 100 கிராம் சொக்லேட்டில் ஏறக்குறைய 30 கிராம் கொழுப்பும், வகையைப் பொறுத்து 50 கிராம் வரை சீனியும் ஒளிந்திருக்கும். அதை எண்ணாமல் மேலதிகமாகச் சேர்த்தால் ட்ரேயில் எண்ணெய் மிதக்கும்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று சின்ன ட்ரே சுட்டோம். எதையும் சொல்லி விளங்கப்படுத்துவதைவிடத் தின்று பார்த்தால் மறக்காது. பட்டர், சீனி, கொக்கோ, முட்டை எல்லாம் ஒரே அளவு. மா மட்டும் மாறும். முழு ட்ரே கணக்கில் சொன்னால் முதலாவதுக்கு 60 கிராம், இரண்டாவதுக்கு 90, மூன்றாவதுக்கு 120.

செய்முறை மூன்றுக்கும் ஒன்றுதான். கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேலே கிண்ணத்தை வைத்து பட்டர், சீனி, கொக்கோ, உப்பு நாலையும் போட்டுக் கிளறினோம். இங்கே கடையில் கிடைக்கிற சீனி கொஞ்சம் பெரிய மணி. அது அப்படியே கிடந்தால் பல்லில் நறநறக்கும், அதனால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு எடுத்தோம். விரலை வைத்தால் உடனே எடுக்க வேண்டிய சூடு வந்ததும் இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டோம். இந்தக் கட்டத்தில் கலவை மணல் மணலாக, பார்க்க வடிவில்லாமல் இருக்கும். பயப்பட வேண்டாம். முட்டையை ஒவ்வொன்றாகப் போட்டு அடிக்க, அது ஒன்றுசேர்ந்து கறுத்துப் பளபளக்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பு வந்த பிறகுதான் மா. மா மறைந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும்.

170 பாகையில் சுட்டோம். முதலாவது 22 நிமிடத்தில் எடுத்தோம். மேலே மெல்லிய தாள் போல ஓர் ஏடு, தட்டினால் நொறுங்கும். முட்டையோடு அடிபட்டுக் கரைந்த சீனி மேற்பரப்பில் காய்ந்து உண்டாகிற ஏடு அது. சிவப்புச் சீனியோ பனங்கட்டியோ போட்டால் அவ்வளவு வடிவாக வராது, அவை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே தொதல்தான். இரண்டாவது, மா 90, வேறு மாதிரி. மெல்ல வேண்டியிருந்தது, ஆனால் ஈரமும் இருந்தது. அந்தப் பிள்ளையின் தம்பிக்கு இதுதான் பிடித்தது. எனக்கும் பிள்ளைகளின் பிறந்தநாள் ஓடருக்கு இந்த நடு அளவுதான் வசதி, கையில் ஒட்டாது, அடுக்கினால் நசியாது.

மூன்றாவதில்தான் அவள் ஏமாந்தாள். மா இரண்டு மடங்கு, ஆகவே கேக் வரும் என்று காத்திருந்தாள். வந்தது கேக் இல்லை. இறுக்கமான, தொண்டையில் அடைக்கிற ஒரு கட்டி. ஏனென்றால் மா கூடியதே தவிர அந்த மா குடிக்கத் தண்ணீர் கூடவில்லை, தூக்குவதற்கு ஒன்றும் இல்லை. கேக் பக்கம் போக வேண்டுமென்றால் மாவைக் கூட்டுவது பாதி வேலைதான். மா 120 என்றால் பட்டரை 100க்கு இறக்கி, சீனியை 160க்கு இறக்கி, கொக்கோவையும் 40க்குக் குறைத்து, முட்டையை மூன்றாக்கி, கால் தம்ளர் பால் விட்டு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட வேண்டும். இப்போது கிண்ணத்தில் 180 கிராம் அளவில் தண்ணீர், சீனி அதைவிடக் குறைவு. பாகு நன்றாகத் தண்ணியாகிவிட்டது. மா தாராளமாகக் குடித்து ஊதும், மூன்றாவது முட்டை இறுகித் தாங்கிப் பிடிக்கும், பேக்கிங் பவுடர் தூக்கும். பட்டரையும் உருக்காமல் அடித்தே செய்யலாம். பின்னேரம் பிளேன்ரீயோடு சாப்பிட இது நல்லது. சிலர் கேக்கி என்றால் தோற்றுப்போன பிரவுனி என்பது போலப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. தொதல் ஒரு துண்டுக்கு மேல் போகாது, இது மூன்று துண்டு போகும்.

இந்தக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பிழைக்கிற இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று ஏற்கெனவே பார்த்த பேணி. அரிசியைச் சுண்டால் அளந்தால் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரும். மா அப்படியில்லை. அரித்து, கரண்டியால் மெதுவாகப் போட்டு நிரப்பின கோப்பையில் 120 கிராம் இருக்கும். அதே கோப்பையைப் பைக்குள் விட்டு அமத்தி அள்ளினால் 150 தாண்டும். கேக்கில் இந்த வித்தியாசம் ஓரளவு மறைந்துவிடும், அங்கே மா நிறைய. ஃபட்ஜியில் இருப்பதே 60 கிராம். அதில் 15 கிராம் கூடினால் கால் பங்கு கூடினதாயிற்று, பாதித் தெரு தாண்டிவிடும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்காமல் ஃபட்ஜி பழக நினைப்பது வீண்வேலை.

மற்றது மாஜரின். பட்டரின் விலையைப் பார்த்து மாஜரினுக்கு மாறுகிறவர்கள் இங்கே அதிகம், நானும் ஓடருக்குத் தக்க மாதிரி மாறுவதுண்டு. பிழையில்லை. ஆனால் ரின்னைத் திருப்பிக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பட்டரில் 80 சதவீதம் அல்லது கொஞ்சம் கூட. பாணுக்குப் பூசுவதற்கென்று வருகிற மென்மையான வகைகளில் 60ஓ அதைவிடக் குறைவோ இருக்கலாம், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். ஒருமுறை கவனிக்காமல் அப்படியொன்றைப் போட்டு ஐம்பது துண்டு ஓடரைச் சுட்டேன். கொழுப்பு குறைந்து, தண்ணீர் கூடி, பாகு இளகி, எல்லாமே கேக் பக்கம் சாய்ந்துவிட்டன. அன்று இரவு பத்து மணிக்குத் திரும்ப அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

தேங்காய் எண்ணெயிலும் செய்யலாம். அதில் தண்ணீரே இல்லை என்பதால் 120 கிராம் பட்டருக்குப் பதிலாக 100 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் போதும். மணம் பிடிக்க வேண்டும், அது வேறு கதை.

வெந்துவிட்டதா என்று பார்க்க நாங்கள் ஈர்க்குத்தான் குத்துகிறோம். கேக் பக்கத்துக்கு ஈர்க்கு சுத்தமாக வர வேண்டும். ஃபட்ஜிக்குச் சுத்தமாக வந்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம். ஈரமான துகள்கள் நாலைந்து ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் வழிகிற கலவை ஒட்டக்கூடாது. நடுவில் குத்தாமல், ஓரத்துக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் குத்துவது என் பழக்கம். சின்ன மேசை ஓவன்களில் மேல் கம்பி கிட்ட இருப்பதால் மேற்பக்கம் முந்திக் கறுக்கும், அதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. சுட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். ஃபட்ஜி உள்ளே இருக்கிற சூட்டிலேயே ஓரளவு ஒப்பேறிவிடும். பொங்கிக்கொண்டிருக்கும் கேக் நடுவில் குழிந்து போகும்.

கடைசியாக வெயில். ஃபட்ஜி ஓவனிலிருந்து வந்தவுடன் ஃபட்ஜி ஆகாது. ஆறி, பாகு தடித்து, பட்டர் இறுகினால்தான் அந்தக் கனமான பதம் வரும். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் முழுதாக உருகிவிடும். சித்திரை வைகாசியில் வன்னியில் மத்தியானம் குசினி அந்தச் சூட்டைத் தொடும். அப்போது மேசையில் ஆறவைத்த ட்ரேயை வெட்டினால் களி மாதிரித்தான் வரும், அளவில் பிழை என்று நினைத்து அடுத்த தடவை மா கூட்டிவிடுவீர்கள். மேசையில் ஒரு மணித்தியாலம், பிறகு பிரிட்ஜில் இரண்டு மணித்தியாலம் வைத்து, அதன் பிறகு வெட்டித் தீர்ப்புச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயில் செய்ததென்றால் பிரிட்ஜில் கல்லாகும், சாப்பிட அரை மணித்தியாலம் முந்தி வெளியே எடுக்க வேண்டும்.

அப்பம்மாவின் சீனி வருத்தத்துக்கு என்ன செய்வது என்று அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டாள். 200 கிராமை 170க்கு இறக்கலாம், அதோடு மாவையும் 50க்கு இறக்கினால் கணக்கு அதிகம் குலையாது என்றேன். அதற்குக் கீழே போனால் ஃபட்ஜியை மறந்துவிட வேண்டும். கேக் பக்கம் போனாலும் சீனி 160 வேண்டும்தான், பெரிய இலாபமில்லை. அடுத்த கிழமை அவள் 170 அளவில் சுட்டு, ஒரு அங்குலச் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்தாள். அப்பம்மாவுக்கு எத்தனை கொடுத்தாய் என்று கேட்டேன்.

"ஒண்டுதான் அக்கா. மிச்சத்தை அவ ஒளிச்சு வைச்ச இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறம்."